ஈரம் காயாத நோன்பு அட்டை

பிரிண்டரின் வாயிலிருந்து முதல் தாள் வெளியே வந்ததும் ஹபீபா ஆசையாக அதை எடுத்துப் பார்த்தாள். அடுத்த நொடி அவள் கட்டைவிரல் கரி பட்டதுபோல் ஆயிற்று. தாளில் விரல் பட்ட இடத்தில் இரண்டு வரி எழுத்து வாலை நீட்டிக்கொண்டு கீழே இழுபட்டுக் கிடந்தது.

"ஏ புள்ள ருமைசா, இது என்ன குளிச்சுட்டு வந்த மாதிரி வருது?"

"தொடாதீங்க லாத்தா. கொஞ்சம் காயட்டும்."

ருமைசா அந்த வீட்டின் சின்ன மருமகள். ஹபீபா மூத்தவள்; ருமைசாவுக்கு லாத்தா, அதாவது அக்கா. இருவர் கணவர்களும் சார்ஜாவில் இருந்தார்கள். ருமைசாவின் கணவன் இலியாஸ் போன வருடம் விடுமுறையில் வந்தபோது கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கொண்டுவந்து முன்னறையில் வைத்துவிட்டுப் போனான். பெரம்பலூருக்குப் பஸ்ஸில் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் ருமைசா. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு இலியாஸ் அனுப்பும் போட்டோக்களைத் தாளில் அடித்து அலமாரியில் ஒட்டுவதற்குத்தான் பயன்பட்டது. ஹபீபா கூட அதைச் சொல்லிக் கேலி செய்வாள்: "எம்பது கிலோ பொட்டிய வச்சுக்கிட்டு புருசன் மொகத்த மட்டும் அடிக்கிறா."

அந்தக் கேலிக்கெல்லாம் பதில் சொல்வதுபோல் ஒரு வேலை வந்திருந்தது. வருடா வருடம் ரம்ஜானுக்கு முன்பு பள்ளிவாசல் செயலாளர் சைபுல்லா நோன்பு அட்டை அடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார். விடியுமுன் சாப்பிடும் சஹர் முடியும் நேரம், மாலையில் நோன்பு திறக்கும் நேரம், பின்பக்கத்தில் நோன்பு வைக்கும் நிய்யத்தும் திறக்கும்போது ஓதும் துஆவும். அந்த வருடம் அச்சகத்துக்காரர்கள் தீபாவளி ஜவுளி நோட்டீஸில் மூழ்கிவிட்டார்கள். பிறை பார்க்கும் நாளுக்கு முன்பு முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். சைபுல்லா யோசித்து யோசித்து, கடைசியில் வேறு வழியில்லாமல் ருமைசாவிடம் வந்தார். சொந்தத்தில் மாமா முறை.

"பாரும்மா, நூறு அட்டை. பிறை பாக்குறதுக்கு முன்னாடி வீடு வீடாப் போயிரணும். நேரமெல்லாம் சரியா இருக்கணும். பொம்பளப்புள்ளகிட்ட ஏன் குடுத்தேனு என்னக் கேக்குறதுக்கு நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. கெட்டுச்சுனா அப்புறம் உன்கிட்ட ஒருத்தரும் ஒரு தாள் கேக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

ருமைசா தலையை மட்டும் அசைத்தாள். ஆனால் அன்று ராத்திரிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை என்பதை ஹபீபா பார்த்தாள். இந்த வேலை சரியாக வந்தால் ஜமாஅத் நோட்டீஸ், மதரசா சான்றிதழ் எல்லாம் அந்த அறைக்கு வரும். வராவிட்டால் கம்ப்யூட்டரின் மேல் பூப்போட்ட துணி மறுபடியும் ஏறிவிடும்.

ஒரு தாளில் நான்கு அட்டை. நல்ல கனமான வெள்ளைத் தாள் வாங்கி வைத்திருந்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மை பாட்டிலும் வாங்கிவரச் செய்து, ஊசியால் பிரிண்டரின் பழைய மை டப்பாவில் ஏற்றியிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தாள் மட்டும் நனைந்து, வெற்றிலைபோல் நெளிந்து வந்தது. அதுவும் ஒவ்வொன்றும் வெளியே வருவதற்குள் ஒரு டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிவிடலாம்.

"மழைக்காலம்ல, ஈரம் இழுத்துருக்கும்," என்றார் மாமியார் கதவோரம் நின்று.

"இல்ல மாமி, மைக்காரன் தண்ணியக் கலந்து குடுத்துட்டான்," என்றாள் ஹபீபா. "பெரம்பலூர்க்காரங்களுக்கு நம்மளப் பாத்தா துபாய் காசுதான் தெரியும்."

ஃபேன் போட்டார்கள். தாள்கள் அறை முழுவதும் பறந்து ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. கூடத்தில் துணி காயவைக்கும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கால்மணி நேரம் கழித்தும் தொட்டால் ஒட்டியது. ஹபீபா முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து எழுத்தின்மேல் தூவித் தட்டினாள். மை சற்று அடங்கியது. "பாத்தியா!" என்று அவள் சிரித்தாள். வீடே மணத்தது. பவுடர் போட்டதை இஸ்திரிப் பெட்டியால் லேசாக ஒற்றியும் எடுத்தாள். தாள் நேரானது.

அந்த முதல் சில அட்டைகளை ருமைசா வெட்டி மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த தாளைக் கவனித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமியார் தன் பங்கைச் செய்தார். நோன்புக் கஞ்சிக்கு நொய் புடைக்க வந்திருந்த தெருப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டார். புதிதாக ஒன்று செய்தால் முதலில் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து துஆ வாங்குவது அவர் வழக்கம்.

"என் சின்ன மருமக அடிச்சது," என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. அப்படி ஒரு பெருமை அந்தக் குரலில் வந்து ஹபீபா கேட்டதில்லை.

ஹபீபா மேசையில் மிச்சமிருந்த ஒரு அட்டையைப் பொழுதுபோகாமல் படித்துக்கொண்டிருந்தாள். நோன்பின் முதல் நாள்கள்; ஆங்கிலத் தேதிக்குப் பதினாறிலிருந்து தொடங்கின. சஹர் முடிவு என்ற கட்டத்தில் ஓரிடத்தில் நின்றாள்.

"ருமைசா, பதினேழாந்தேதி சஹர் எத்தன மணி?"

"நாலு அம்பத்துமூணு."

"இதுல நாலு அம்பத்தெட்டுனு இருக்கே."

ருமைசா வந்து வாங்கிப் பார்த்தாள். சின்ன எழுத்து. மை பரவி மூன்றின் திறந்த வாயை மூடிவிட்டிருந்தது. பார்ப்பவருக்கு அது எட்டுதான். பதினெட்டாம் தேதியும் அப்படியே. ஆறும் எட்டும்கூட எது எதுவென்று தெரியாமல் ஒன்றுபோலச் சிரித்துக்கொண்டிருந்தன.

"அஞ்சு நிமிசம் லாத்தா," என்றாள் மெதுவாக. "அஞ்சு நிமிசம் கூடச் சாப்புட்டுருவாங்க. நோன்பு போயிரும்."

அந்த நேரம் பார்த்து வாசலில் சலாம் சொல்லும் குரல் கேட்டது. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு சைபுல்லா குடையை மடக்கிக்கொண்டு நின்றார். ஹபீபா சட்டென்று அந்த அட்டையைத் தாளுக்கடியில் தள்ளினாள். நல்லதாக ஒன்றைக் காட்டி அனுப்பிவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணால் ஜாடை காட்டினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ருமைசா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, தள்ளிவைத்த அதே அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"மாமா, இது சரியில்ல. மூணு எட்டா இருக்கு. இத யாருக்கும் குடுக்கக் கூடாது."

சைபுல்லா அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பவுடர் வாசத்தில் மூக்கைச் சுருக்கினார். "என்னம்மா, அட்டையா அத்தர் கடையா இது?" என்றார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "இன்னைக்குப் பிறை பாக்குற நாளு. நான் என்ன பண்ணுவேன்? கையால எழுதி ஜெராக்ஸ் போடச் சொல்லவா?"

"சாயந்திரம் அஸர் தொழுகை வரைக்கும் டயம் குடுங்க."

"அஸருக்குள்ள நூறா?"

"முடியலனா நானே அஸருக்கு ஆள் விட்டுச் சொல்றேன். நீங்க ஜெராக்ஸ் போட்டுக்கலாம். அதுக்கும் நேரம் இருக்கும்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பயந்துபோய்ப் பேசவில்லை, வீறாப்பாகவும் பேசவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னாளே என்று ஹபீபாவுக்குத் தோன்றியது. தானாக இருந்தால் அந்நேரம் மழையைத் திட்டியிருப்பாள், மைக்காரனைத் திட்டியிருப்பாள், மாமியாரை மனசுக்குள் திட்டியிருப்பாள்.

உள்ளே வந்த ருமைசா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிரிண்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கினாள்.

"உடைச்சுராத புள்ள."

"இல்ல லாத்தா. இதுல ஒரு பட்டன அழுத்திப் புடிச்சுக்கிட்டே ஆன் பண்ணா அதுவா ஒரு தாள் அடிக்கும். கம்ப்யூட்டர் சொல்லித் தர வேணாம். கிளாஸ்ல காட்டினாங்க."

பட்டனை அழுத்தினாள். பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தாளை இழுத்தது. கட்டம் கட்டமாகக் கோடுகளும் அடியில் ஒரு வரி எழுத்தும் வந்தன. ருமைசா அதன்மேல் விரலை வைத்து அழுத்தி இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். விரல் சுத்தமாக இருந்தது.

"அதே தாள்," என்றாள். "அதே மை. அதே மழை."

ஹபீபாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மழையும் இல்லை, மைக்காரனும் இல்லை. காலையிலிருந்து மூன்று பேரும் குற்றம் சொன்ன எதுவும் இல்லை.

"அப்ப கம்ப்யூட்டர்தான் ஏதோ தப்பாச் சொல்லுதா?"

"ஆமா. என்ன சொல்லுதுனுதான் தெரியல."

ஹபீபா யோசித்தாள். "எனக்கு ஒண்ணு தோணுது. சிரிக்காத. இப்ப அடிச்சப்ப அது சர்ரு சர்ருனு போயிருச்சு. காலைல ஒரே வரிய திரும்பத் திரும்பப் போய்த் தேச்சுச்சு. சுவத்துக்கு நாலு தடவ சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி."

ருமைசா சிரிக்கவில்லை. திரும்பி அவளை அப்படியே பார்த்தாள்.

"லாத்தா, அது போட்டோ அடிக்கும்போது போடுற சத்தம்."

எழுந்துபோய் வயரை மாட்டினாள். திரையில் பிரிண்டர் படத்தைத் திறந்து உள்ளே உள்ளே போனாள். ஓரிடத்தில் நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். அங்கே தாளின் வகை என்று கேட்ட இடத்தில் பளபளப்பான போட்டோ பேப்பர் என்று இருந்தது.

"நான்தான் வச்சேன். ஒவ்வொரு தடவையும் மாத்த வேணாம், நிரந்தரமா அப்படியே வச்சுருனு இவங்க போன்ல சொன்னாங்க. போட்டோ தவிர வேற என்ன அடிச்சோம் நாம? அதுலயே நின்னுருக்கு."

"பேப்பரு எதுன்னு சொன்னா என்ன? மை மைதானே?"

"இல்ல. போட்டோ பேப்பர் மேல ஒரு பூச்சு இருக்கு. எவ்வளவு மை ஊத்துனாலும் அந்தப் பூச்சு வாங்கிக்கும், பரவ விடாது. அந்தப் பேப்பர்னு நெனச்சு மெஷின் தாராளமா ஊத்துது. நாம வச்சது சாதாத் தாள். அது அவ்வளவு வாங்காது. மிச்சம் மேலயே நிக்கும், பக்கத்துல பரவும்." ஒரு மூச்சு விட்டு, "நாம இட்டிலி மாவு கரைக்கிற தண்ணிய ரொட்டி மாவுக்கு ஊத்துன மாதிரி," என்றாள்.

சாதாத் தாள் என்று மாற்றினாள். மிக உயர்ந்த தரம் என்றிருந்ததைச் சாதாரணத்துக்கு இறக்கினாள். ஒரு தாள் அடித்தாள். சர்ரென்று வந்தது. நெளியவில்லை. ஹபீபா கைதட்டப்போனாள்.

"இருங்க," என்றாள் ருமைசா. தாளை வெளிச்சத்தில் பிடித்து மூன்றுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நல்லாருக்கு. ஆனா இன்னும் நல்லா வரணும். தலைப்பு பெரிய எழுத்து ஒட்டுது பாருங்க."

தலைப்பு எழுத்து கொழகொழவென்றுதான் இருந்தது. மறுபடியும் திரைக்குள் போனாள். மையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கோடு இருந்தது. அதன் முள் கடைசி வலது மூலையில் நின்றது. போன மாதம் மாமியார் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை அடித்துக் கேட்டபோது, எழுத்து வெளிறிக் கிடக்கிறது என்று மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார். அவருக்காகக் கூட்டியது அங்கேயே நின்றுவிட்டது. முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

இந்தத் தடவை வந்த தாளை ருமைசா கொஞ்ச நேரம் ஆறவிட்டு, விரலால் இழுத்து, பிறகு அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கையால் அழுத்தித் தேய்த்து எடுத்தாள். வெள்ளைத் தாளில் ஒரு புள்ளி கூட ஒட்டவில்லை. எழுத்து காலையில் இருந்ததைவிடச் சற்று மெலிவுதான். ஆனால் மூன்று மூன்றாக இருந்தது. எட்டு எட்டாக இருந்தது.

"மாமிக்கு வெளிறித் தெரியும்," என்றாள் ஹபீபா.

"மாமிக்கு நான் வாய்ல சொல்றேன்."

முன்பக்கம் முழுவதும் அடித்து முடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பின்பக்கத்துக்குத் தாளைத் திருப்பிப் போட்டாள். ஈரத்தோடு உள்ளே விட்டால் உருளையில் மை ஒட்டி, அடுத்த தாளெல்லாம் கறைபடும் என்றாள். ஹபீபா அவசரப்படுத்தினாள். அவள் அசையவில்லை. முதலில் அடித்தது எது, கடைசியில் அடித்தது எது என்று வரிசை கலையாமல் பாய்மேல் பரப்பி, அந்த வரிசையிலேயே எடுத்துத் திருப்பினாள். அஸர் பாங்கு சொல்வதற்குள் கடைசித் தாளும் வெளியே வந்துவிட்டது. ஹபீபா ஸ்கேல் வைத்துப் பிளேடால் வெட்டினாள்.

சைபுல்லா வந்து வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். தன் குறிப்போடு தேதி தேதியாக ஒத்துப்பார்த்தார். "மாஷா அல்லாஹ்," என்றார். "அச்சுல வந்த மாதிரியே இருக்கும்மா."

அதோடு வேலை முடிந்தது என்றுதான் ஹபீபா நினைத்தாள். அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். ருமைசா உள்ளே போய்ப் புர்காவை மாட்டிக்கொண்டு, கையில் சில புது அட்டைகளோடு வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மாமி காலைல யார் யாருக்குக் குடுத்தாங்களோ, அந்த அட்டையெல்லாம் வாங்கிட்டு வரணும்."

சைபுல்லா அதைக் கேட்டுவிட்டார். "அதுக்கு நீ ஏம்மா மழைல அலையணும்? பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகைக்கு மைக்ல சொல்லிர்றேன். பழைய அட்டைல எட்ட மூணுனு படிச்சுக்குங்கனு."

"மைக்ல சொன்னது மறந்துரும் மாமா. அட்ட மாசம் பூரா சுவத்துல தொங்கும். தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சு அதத்தான் பாப்பாங்க."

அவர் அட்டைக் கட்டை எடுத்துக்கொண்டு வீடுகளுக்குக் கொடுக்கக் கிளம்பினார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து தனியாகத் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவள் ருமைசா. பேர்போன கூச்சக்காரி. வாசலில் சொந்தமில்லாத ஆண்பிள்ளை யாராவது நின்றால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவள் முன்னால் நடந்தாள். ஹபீபா குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு: "லாத்தா, நான் அடிச்சது தப்பா வந்துருச்சு. அதக் குடுத்துருங்க. இது சரியானது." தப்பை மழைமேலும் போடவில்லை, மெஷின்மேலும் போடவில்லை. ஒரு வீட்டில் சோற்றுப்பருக்கை தேய்த்து அதற்குள் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ருமைசா ஸ்டூல்மேல் ஏறி நகத்தால் சுரண்டி எடுத்தாள். அந்த வீட்டுப் பெண், "போகட்டும் விடு புள்ள, பவுடர் வாசமாவது இருந்துச்சு," என்றாள். இன்னொருத்தி ரவிக்கைக்குள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். வியர்வையில் அது முழுவதும் கறுத்து, ஒரு நேரமும் தெரியாமல் போயிருந்தது. "இது பரவால்ல," என்றாள் ருமைசா, "இதப் பாத்து யாரும் தப்பாச் சாப்புட முடியாது." அந்த நாளில் அவள் முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்குத் திரும்பி எண்ணிப் பார்த்தபோது ஒன்று குறைந்தது. மாமியார் நெற்றியில் கைவைத்து யோசித்தார்.

"அட, நம்ம ஆமினா. அவ மத்தியானமே பஸ் ஏறிட்டா. அரியலூர்ல மகவூட்டுல இருந்து நோன்பு புடிக்கப் போறேன்னாளே."

ருமைசா கூடத்து போனை எடுத்தாள். நம்பர் தேடி எடுத்து, எக்ஸ்சேஞ்ச் கிடைக்காமல், மறுபடி சுழற்றி, மறுபடி சுழற்றி, கடைசியில் ஆமினா பேசினாள்.

"அட்டையா? ஆமா வச்சிருக்கேன். கண்ணாடிய அங்கேயே மறந்துட்டேன். நான் எங்க அதப் பாக்கப்போறேன் புள்ள?"

"உங்க மருமகன் பாப்பாரு. பேத்தி பாப்பா. அதக் கிழிச்சுருங்க. நான் நேரம் சொல்றேன், யாரையாவது எழுதச் சொல்லுங்க."

"முப்பது நாளுக்குமா?"

"ஆமா. முப்பதுக்கும்."

சைபுல்லா மறுபடி வாசலுக்கு வந்தார். பள்ளிவாசல் மாடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மேகம் விலகி மேற்கே கொஞ்சம் வானம் தெரிந்தது. பள்ளிவாசலில் போன் இல்லாததால் அவருக்கு இந்த போன் வேண்டும்; பிறை பற்றிச் சுற்று ஊர்களுக்குப் பேச வேண்டும். ஹபீபா அவரைப் பார்த்து, உள்ளே ருமைசாவைப் பார்த்தாள். போய்ச் சொல்லலாமா என்று கால் எடுத்தாள்.

"பதினாறு, சஹர் முடிவு நாலு அம்பத்துமூணு. எழுதியாச்சா? திருப்பிச் சொல்லுங்க. ம். மூணு, மூணு. பதினேழு..."

மாடியிலிருந்து யாரோ கத்தினார்கள். பிறகு பலர் கத்தினார்கள். தெருவில் கதவுகள் திறந்தன. "பிறை தெரிஞ்சுருச்சு" என்று ஓடும் கால்கள். மாமியார் முந்தானையை ஏந்தி துஆ கேட்க ஆரம்பித்தார்.

ருமைசா திரும்பிப் பார்த்தாள். வாசலில் செயலாளர் நிற்பதைக் கண்டு போனைக் கையால் மூடினாள். "மாமா, நீங்க பேசணுமா?"

சைபுல்லா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். நிலைப்படியை ஒட்டி நின்றுகொண்டார்.

"நீ முடிம்மா," என்றார். "நிதானமாச் சொல்லு. நான் நிக்கிறேன்."

ருமைசா கையை எடுத்தாள்.

"பதினேழு," என்றாள். "நாலு அம்பத்துமூணு. திருப்பிச் சொல்லுங்க."